குளிர் நுழையும் வழியை ஊதுவத்தி காட்டும்

உப்பளத்தில் வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடம் முதலில் கேட்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுதான். கடற்காற்று உள்ளே வர ஒரு ஜன்னல், வெளியேற எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல், கூரைக்குக் கீழே வெப்பக் காற்று போக ஒரு வென்டிலேட்டர் என்று வைப்பார்கள். புதுச்சேரியில் மார்கழி இரவிலும் ஒரு போர்வை போதும். ஆகவே, அறைக்குள் காற்று வராமல் அடைப்பது எப்படி என்று வகுப்பில் நான் பேசத் தொடங்கினால் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில், உதகமண்டலம் இருக்கிறது. அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் தெளிந்த வானமுள்ள இரவுகளில் வெப்பநிலை சுழியை நெருங்கும். புல்வெளியில் உறைபனி படியும். அங்குள்ள பழைய வீடுகளில் கதவும் ஜன்னலும் நம் ஊர் வீடுகளைப் போலவே மரத்தால் ஆனவை. மரம் ஜூன், ஜூலை மழையில் ஊறிப் பருக்கும். ஜனவரி வறட்சியில் சுருங்கும். குளிர் மிகும் மாதத்தில்தான் இடுக்குகளும் அகலமாகின்றன.

என் அத்தை அங்கே அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாழ்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் படுக்கும் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். வராந்தாவுக்குத் திறக்கும் ஒரு கதவு, அதன்மேல் ஒரு வென்டிலேட்டர், இரட்டைக் கதவுள்ள இரண்டு ஜன்னல்கள், மேலே பலகை மச்சு. கட்டிலுக்குக் கீழே ஒரு குமுட்டி அடுப்பில் கரி கனன்று கொண்டிருந்தது.

“இது இல்லாவிட்டால் தூங்க முடியாது தம்பி, காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி குளிர் வருகிறது” என்றார்.

காலைப் பிடித்து இழுக்கும் அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்த கதைதான் இக்கட்டுரை.

கீழே வருவதற்குக் காரணம் மேலே இருக்கிறது

அன்றிரவு பத்து மணிக்கு வெளியே 6 டிகிரி செல்சியஸ். அறைக்குள் 18 டிகிரி. குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைவிட அடர்த்தி மிக்கது என்பது நாம் அறிந்ததே. வெளியே நிற்கும் காற்றுத் தூண் உள்ளே இருக்கும் காற்றுத் தூணைவிடக் கனமானது. எனவே அது அறையின் அடிப்பகுதியில் உள்ள இடுக்குகளின் வழியே உள்ளே தள்ளுகிறது; இலேசான உட்காற்று மேலே உள்ள இடுக்குகளின் வழியே வெளியேறுகிறது. புகைபோக்கியில் புகை மேலே போவதும் இதே காரணத்தால்தான். குளிர்கால அறை ஒவ்வொன்றும் ஓர் அகன்ற புகைபோக்கி என்று கொள்ளலாம்.

இந்த அழுத்த வேறுபாடு எவ்வளவு? உதகையின் உயரத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 0.95 கிலோகிராம் எடையுள்ளது. கீழ் இடுக்குக்கும் மேல் இடுக்குக்கும் இடையே 2.5 மீட்டர் உயரம் இருந்து, வெப்பநிலை வேறுபாடு 12 டிகிரி ஆனால், அழுத்த வேறுபாடு சுமார் 1 பாஸ்கல் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீரின் பத்தில் ஒரு பங்குக்குத்தான் இது சமம். இவ்வளவு சிறிய அழுத்தம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் அதில் பாதியே ஓர் இடுக்கின் வழியாகக் காற்றை வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் ஓட்டப் போதுமானது.

அத்தை வீட்டுக் கதவின் அகலம் 90 சென்டிமீட்டர். அடியில் இடைவெளி 1 சென்டிமீட்டர். பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். மேலேயும் இதே அளவு இடுக்குகள் இருப்பதாகக் கொள்வோம். இடுக்கின் விளிம்பில் காற்றோடை சற்றுச் சுருங்குவதையும் கணக்கில் சேர்த்தால், வினாடிக்கு 5 லிட்டருக்குச் சற்று அதிகமாக, அதாவது மணிக்குச் சுமார் 20 கனமீட்டர் குளிர்காற்று அந்த ஓர் இடைவெளி வழியே நுழைகிறது. அறையின் கொள்ளளவு 36 கனமீட்டர். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் அறையின் காற்று முழுவதும் மாறிவிடும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் அளவில் சமமாக இருந்தே தீர வேண்டும். மேலே வழி இல்லையென்றால் கீழே காற்று நுழையாது. காலில் படும் குளிரைக் கை உணர்கிறது. தலைக்கு மேலே ஓசையின்றி வெளியேறும் வெப்பக் காற்றைக் கை உணர்வதில்லை. அதனால்தான் எல்லாரும் கதவின் அடியை மட்டும் அடைக்கிறார்கள். நானும் முதலில் அதையே செய்தேன். பழைய சேலை ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் வைத்தேன். கதவடிக் காற்று நின்றது, ஆனால் சற்று நேரத்தில், “இப்போது ஜன்னல் பக்கமிருந்து அடிக்கிறதே!” என்றார் அத்தை. அவர் சொன்னது சரியே. ஒரு வாயிலை மூடியதும் மற்றக் கீழ் இடுக்குகளின் மேல் அழுத்தம் கூடி, அங்கே காற்று முன்னைவிட வேகமாக ஓடியது.

கண்ணுக்குத் தெரியாததைப் புகை காட்டும்

மறுநாள் இரவு பூசை அறையிலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்துக் கொண்டேன். சோதனை செய்யும் முறை எளியது; ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு மிகுதியாக இருக்கும் நேரமே ஏற்றது. அதாவது பின்னிரவு அல்லது விடியற்காலை. வெளியே பலத்த காற்று அடிக்கக் கூடாது. அடித்தால் இடுக்குகளின் திசை அடிக்கடி மாறிக் குழப்பும். அறையில் எரியும் அடுப்பையும் சுழலும் விசிறியையும் நிறுத்திவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தித் தாழிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நாம் நடந்தாலே காற்று கலங்கும். அது அடங்க வேண்டும். பிறகு ஊதுவத்தியைக் கொளுத்தித் தணலை மட்டும் விட்டு, இடுக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். மூச்சுக் காற்று அதன்மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக் கொள்ள வேண்டும்.

தணலிலிருந்து எழும் புகை முதல் சில சென்டிமீட்டர்வரை நூல் போல நேராகப் போகும். அதன்பின் தானே சுழிந்து கலையும். இந்த நேரான நூல்தான் நம் கருவி. மேலே சுழல்வதைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கை அடித்தால் நூல் வெண்மையாகத் தெரியும்.

ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கீழிருந்து மேலாக ஊதுவத்தியை மெல்ல நகர்த்தினேன். கீழ்ப் பகுதியில் புகை நூல் அறைக்குள் வளைந்தது. அங்கே காற்று நுழைகிறது. மேலே போகப் போக வளைவு குறைந்தது. ஓர் உயரத்தில் புகை நேராக நின்றது. அதற்கும் மேலே அது சட்டத்தை நோக்கிச் சாய்ந்து இடுக்குக்குள் மறைந்தது. அங்கே காற்று வெளியேறுகிறது. உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருக்கும் அந்த நடு உயரத்தை ஒரே ஜன்னலில் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒவ்வோர் இடத்திலும் சாக்கட்டியால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ ஓர் அம்புக்குறி இட்டேன்.

பிறகு நாற்காலியின்மேல் ஏறி வென்டிலேட்டரைச் சோதித்தேன். புகை நூல் எழுந்த உடனேயே மடிந்து, சட்டத்தின் இடுக்கால் உறிஞ்சப்பட்டது. பலகை மச்சின் இரண்டு இணைப்புகளிலும் அப்படியே. கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அத்தையின் காலுக்குக் குளிரை இழுத்து வந்த கை இங்கேதான் இருந்தது.

மெழுகுவத்திச் சுடராலும் இச்சோதனையைச் செய்யலாம் என்று புத்தகங்கள் கூறும். சுடர் பெரிய இடுக்குகளை நன்றாகக் காட்டும். புகை சிதறிப்போகும் அளவுக்குக் காற்று வேகமாக இருக்குமிடத்தில் அதுவே ஏற்றது. ஆனால் சுடர் தன் வெப்பத்தால் தனக்கென ஒரு மேல்நோக்கிய காற்றோட்டத்தை உண்டாக்கிக் கொள்கிறது. ஆகவே மெல்லிய கசிவு அதை அசைப்பதில்லை. திரைச்சீலைக்கும் மரச்சட்டத்துக்கும் அருகே சுடரைக் கொண்டுபோவதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டியதில்லை. திரைகளைக் கழற்றிய பின்னரே எதையும் கொளுத்த வேண்டும்; ஊதுவத்திச் சாம்பலுக்குக் கீழே ஒரு தட்டும் வேண்டும்.

கண்ணாடி செய்யும் ஏமாற்று

ஜன்னலின் அடிச்சட்டத்தருகே புகை கீழ்நோக்கி வளைந்து அறைக்குள் வழிந்தால், அது கசிவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகிக் கண்ணாடி வழியே கீழே இறங்கும். துளி இடுக்கும் இல்லாத ஜன்னலிலும் இந்த ஓட்டம் உண்டு. இதைப் பிரித்தறிய, ஊதுவத்தியைக் கண்ணாடியின் நடுவில், இடுக்கே இல்லாத இடத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் புகை கீழே இறங்கினால் குற்றவாளி கண்ணாடிதான். சந்தேகம் தீரவில்லையென்றால் இடுக்கின்மேல் ஒரு தாள் கீற்றைப் பசையால் ஒட்டி மறுபடி சோதிக்கலாம். புகையின் போக்கு மாறவில்லையென்றால் அந்த இடுக்கை அடைத்துப் பயனில்லை. கனத்த திரைச்சீலைதான் உதவும்.

அடைக்கும் முன் ஒரு நிபந்தனை

இடுக்குகள் எல்லாம் தெரிந்துவிட்டன. ஆனால் அடைக்கும் வேலையைத் தொடங்கும் முன் நான் அத்தையிடம், “இந்தக் குமுட்டி அடுப்பு அறைக்கு வெளியே போனால்தான் நான் இடுக்குகளை அடைப்பேன் அத்தை” என்றேன்.

“முப்பது வருஷமாக இதை வைத்துத்தான் தூங்குகிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்றார்.

அவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவரைக் குளிரால் வாட்டிய அதே இடுக்குகள்தாம். கனலும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்து கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். மலையூர்களில் பூட்டிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் இறந்து கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஒரு மணி நேரத்தில் பாதி அறைக் காற்றை மாற்றிவந்த இடுக்குகளை நான் அடைத்துவிட்டு, குமுட்டியை உள்ளே விட்டுப் போயிருந்தால், அத்தையின் குளிரை அல்ல, அவர் உயிரைத் தீர்த்திருப்பேன்.

நெடுநேரம் பேசிய பிறகு அவர் இணங்கினார். குமுட்டி முற்றத்துக்குப் போனது. 1000 வாட் மின்கணப்பு ஒன்று வாங்கினோம். அறைக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு எது எரிந்தாலும் அந்த அறையின் இடுக்குகளை அடைக்கக் கூடாது. இந்த விதிக்கு விலக்கு இல்லை.

அடைக்கும் முறை

மேலிருந்து தொடங்கினோம். வென்டிலேட்டர் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த வெடிப்பில் தேங்காய் நார்க் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவை பூசினோம். மச்சுப் பலகைகளின் இணைப்பில் தச்சர்கள் பயன்படுத்தும் லப்பத்தை அழுத்தி நிரப்பினோம். கண்ணாடி ஓரத்தில் உலர்ந்து உதிர்ந்த பழைய லப்பத்தைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்தோம்.

திறந்து மூடும் இடங்களுக்கு, ஒரு பக்கம் பசையுள்ள நுரைப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதில் எந்தக் கனம் வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இதற்குச் சப்பாத்தி மாவு உதவும். சிறிது மாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டத்தின் படிமேல் வைத்து ஜன்னலைச் சாத்தித் தாழிடுங்கள். திறந்து பார்த்தால், நசுங்கிய மாவின் கனமே அந்த இடத்தின் இடைவெளி. அத்தை வீட்டில் அது ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர், இன்னோரிடத்தில் 4 மில்லிமீட்டர் இருந்தது. பட்டையின் கனம் இடைவெளியைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அப்போது அது நசுங்கி இறுகும். அதைவிடத் தடித்தால் தாழ்ப்பாள் விழாது. மெலிந்தால் இடுக்கு அப்படியே இருக்கும்.

2 மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். 1.2 மீட்டர் சதுர ஜன்னலின் நான்கு ஓரமும் இரு கதவுகள் கூடும் நடுக்கோடும் சேர்ந்து 6 மீட்டர் நீளம். 2 மில்லிமீட்டர் இடுக்கு இத்தனை நீளத்துக்கு ஓடினால் 120 சதுர சென்டிமீட்டர். கதவடியில் பளிச்சென்று தெரியும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைவிட இது பெரியது.

பட்டை ஒட்டும் முன் மரத்தைத் துடைத்து உலர விட வேண்டும். தூசியும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் உரிந்து விழும். ஜன்னல் கதவு வந்து அழுந்தும் முகத்தில் ஒட்ட வேண்டும். உராய்ந்து செல்லும் முகத்தில் ஒட்டினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் பிய்ந்துவிடும். கீல் இருக்கும் பக்கத்தில் இதை மிகக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் பருத்து ஜன்னல் இறுகினால் அந்த இடத்துப் பட்டையை எடுத்துவிட்டு அடுத்த டிசம்பரில் புதிது ஒட்டலாம். கதவடிக்கு மணல் நிரப்பிய நீண்ட துணிப்பையே போதுமானதாக இருந்தது.

அன்றிரவு மறுபடி ஊதுவத்தி கொளுத்தினேன். வென்டிலேட்டரருகே புகை நேராக எழுந்தது. ஜன்னலின் அடிச்சட்டத்தில் முன்பு மடிந்து விழுந்த நூல் இப்போது மெல்ல அசைந்ததோடு சரி.

எவ்வளவு வெப்பம் மிஞ்சியது?

36 கனமீட்டர் காற்றின் எடை 34 கிலோகிராம். அதை 12 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 410 கிலோஜூல் வேண்டும். மணிக்கு ஒரு முறை அறைக் காற்று முழுதும் மாறுமானால் இதற்கு மட்டும் 114 வாட் தொடர்ந்து செலவாகும். 1000 வாட் கணப்பில் இது ஒன்பதில் ஒரு பங்கு. வெளியே காற்று வீசும் இரவில் இது பல மடங்காகும். அத்தையின் அறையில் அடைப்பதற்கு முன்னும் பின்னும் காற்று வீசாத இரவுகளில் பார்த்தபோது, அதே கணப்பில் அறை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடுதல் சூடாக இருந்தது, அவ்வளவுதான். எஞ்சிய வெப்பம் சுவர், கண்ணாடி, கூரை வழியே கடத்தப்பட்டுப் போகிறது. அதை ஊதுவத்தி காட்டாது. நுரைப் பட்டையும் தடுக்காது. ஆனால் காலருகே ஓடிய குளிர் ஓடை நின்றது. வெப்பமானி காட்டியதைவிட அதுவே அத்தைக்குப் பெரிதாக இருந்தது.

அடைத்தது அளவு மீறிவிட்டதா என்பதையும் அறிய வழி உண்டு. மனிதரின் மூச்சிலும் தோலிலும் நீராவி வெளியேறிக் கொண்டே இருக்கிறது. காற்று போதிய அளவு மாறாவிட்டால் விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் திரண்டு வழியும். சில வாரங்களில் மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். இந்த அறிகுறி தோன்றினால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். அத்தையின் அறையில் கூடத்துக்குத் திறக்கும் உட்கதவின் இடைவெளியை நாங்கள் தொடவில்லை; காலையில் பத்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னேன். நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பல வாழும் பிரான்சில், 1982ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஆணையின்படி குடியிருப்புகளில் காற்று எப்போதும் பொதுவாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இடுக்கை அடைப்பது வேறு, காற்றை மறுப்பது வேறு என்பதே அதன் பொருள்.

உதகைக்குப் போக வாய்ப்பில்லாத வாசகர்கள் இதைத் தம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். சித்திரை மாதத்தில் குளிர்சாதன அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறை நன்கு குளிர்ந்ததும் இயந்திரத்தையும் விசிறியையும் நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, உள்ளே நின்று கதவின் இடுக்கில் ஊதுவத்தியைப் பிடியுங்கள். இங்கே உள்காற்றுதான் கனமானது. ஆகவே கதவின் அடியில் புகை வெளியே இழுக்கப்படும். மேல் ஓரத்தில் உள்ளே தள்ளப்படும். உதகையில் நான் இட்ட அம்புக்குறிகள் அத்தனையும் உப்பளத்தில் தலைகீழாகத் திரும்பும்.